சட்டைப்பையில் எண்பது கிராம்

ஒலெகாரியோ எந்த உணவையும் வாயில் வைப்பதற்கு முன் கையில் வைத்து எடை பார்ப்பார். ரொட்டித் துண்டானாலும் மாதுளம்பழமானாலும் உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு முறை மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்து, மனத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்வார். அந்த எண் பெரும்பாலும் ஐந்து கிராமுக்கு மேல் பிசகாது. பதினாறு ஆண்டுகளாகப் பந்தயக் குதிரை ஓட்டுகிறவருக்கு இது வியப்பில்லை. சேணத்தோடு சேர்த்து ஐம்பத்தைந்து கிலோ என்று விதி இருக்குமானால், சேணத்துக்கு இரண்டு போக, தம் எலும்பு, தோல், பசி எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி ஐம்பத்து மூன்றுதான் என்பதை அவர் உடம்பே மனப்பாடமாக அறிந்திருந்தது.

முன்பெல்லாம் அந்த ஐம்பத்து மூன்றை அவர் நீராவி அறையில்தான் சம்பாதித்தார். ஞெகிழி உறையைச் சுற்றிக்கொண்டு, நாக்கு வறள, கண் இருள, உட்கார்ந்திருப்பார். மூன்றாம் முறை மயங்கி விழுந்தபோது, சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, இனி இப்படி வியர்த்தால் குதிரையை மட்டுமல்ல, சக்கர நாற்காலியைக்கூட ஓட்ட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவர் சொராய்தாவின் சமையற்கடைக்கு வந்து சேர்ந்தார்.

லீமா நகரத்துப் பந்தயத் திடலின் பின்புறம், லாயங்களுக்கும் வைக்கோல் கிடங்குக்கும் நடுவே தகரக்கூரை போட்ட கடை அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜாக்கிகளின் சங்கம் இவோன் என்ற சத்துணவு நிபுணரை அழைத்து வந்தது. அந்தப் பெண் மூன்று வாரம் சொராய்தாவோடு அடுப்படியில் நின்று, போகும்போது சுவரில் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போனார். நூறு கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று அதில் எழுதியிருந்தது. முட்டைக்கோஸ் இருபத்தைந்து. பூசணி இருபத்தாறு. உள்ளே காற்று மட்டுமே நிறைந்த கைகுவாக் காய் பதினேழு. கீழே போகப் போக எண்கள் பெருகும். எண்ணெய் கடைசி வரியில் தொள்ளாயிரத்தில் நின்றது. சொராய்தா பட்டியலின் மேற்பகுதியைக் கொண்டு சமைக்கக் கற்றுக்கொண்டார். தோல் நீக்கிய கோழியைக் கொதிக்கவைத்து, கோஸும் பூசணியும் கைகுவாவும் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டு, அரை லிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் தளும்பத் தளும்ப ஊற்றுவார். அதைக் குடித்து முடித்த பிறகுதான் சோறும் மீனும் கொண்ட சிறிய தட்டு வரும். அதற்குள் வயிறு நிரம்பியிருக்கும். பதினொரு ஜாக்கிகள் அங்கேதான் சாப்பிட்டார்கள். ஒலெகாரியோ இரண்டு ஆண்டுகளாக ஐம்பத்து மூன்றிலேயே இருந்தார். பசியோடு படுத்த நாள் ஒன்றுகூட இல்லை.

இந்த நிலையில்தான் அவருக்கு அந்த அச்சம் வந்தது.

ஆகஸ்டு மாதத் தொடக்கம். பனிச்சாரல் விடாது தூறிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் இரண்டு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டு எடை பார்க்கும் அறையைக் கடந்து போனவர், சும்மா இருக்கிறதே என்று இயந்திரத்தின் மேல் ஏறினார். சாப்பிட்டவுடன் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. காலையில் வெறும் வயிற்றோடுதான் ஏறுவார். ஊசி ஐம்பத்து நான்கில் நின்றது. இறங்கி மறுபடி ஏறினார். ஐம்பத்து நான்கு.

ஒரு வேளை உணவு தம்மை ஒரு கிலோ ஏற்றிவிட்டது என்று அவர் முடிவு செய்தார். சமயமும் பொல்லாத சமயம். செப்டம்பர் முதல் ஞாயிறன்று பெரிய பந்தயம். அதில் மலாகுவா என்ற சாம்பல் நிறப் பெண் குதிரையை ஓட்ட அவருக்கு வாய்த்திருந்தது. குட்டியாக இருந்த நாளிலிருந்து அவர் பழக்கிய குதிரை. முப்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு குதிரை இன்னொரு முறை வரப்போவதில்லை. அவளுடைய பயிற்சியாளர் தோன் அபெலார்தோ இளகிய மனிதரும் அல்லர்.

ஆகவே ஒலெகாரியோ தமக்குத் தெரிந்த ஒரே வழியில் சிந்தித்தார். சூப்பு கனமானது, கனமானதைக் குறைக்க வேண்டும். அன்றிலிருந்து கிண்ணத்தைப் பாதியாக்கினார். மாலையில் பசித்தது. திடலின் வாயிலில் ஒருத்தி உப்பும் எண்ணெயும் சேர்த்து வறுத்த மக்காச்சோளத்தைக் காகிதப் பையில் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பையை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். எண்பது கிராம். ஒரு புறாவின் கனம்கூட இருக்காதுபோல் தோன்றியது. சோளக்கதிர் பட்டியலில் அனுமதிக்கப்பட்டதுதானே? அவருக்கு மனம் நிறைந்தது. காலைக்கு ஒரு பை, மாலைக்கு ஒரு பை என்று மேலங்கியின் உட்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை, வெறும் வயிற்றோடு ஏறினார். ஐம்பத்து நாலரைக்கு இருநூறு கிராம்தான் குறைவு.

தோன் அபெலார்தோ கதவில் சாய்ந்து நின்று ஊசியைப் பார்த்தார். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை.

"ஏம்ப்பா ஒல்லி, இனிமே உன்னைக் குண்டான்னுதான் கூப்பிடணும்போல?"

"குறைச்சிடுறேன் தோன் அபெலார்தோ."

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னண்டு மணி. அம்பத்து மூணு. இல்லாட்டி மலாகுவா மேல சும்பித்தாஸ் உக்காருவான். நீராவிப் பக்கம் போனன்னு காதுல விழுந்துச்சு, அப்பவும் சும்பித்தாஸ்தான். பாதி வழியில மயங்கி விழுற ஆளை நான் என் குதிரை மேல ஏத்தமாட்டேன்."

பெஞ்சில் பூட்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஜாக்கி, சாவுல் சும்பித்தாஸ், தலையைத் தூக்கவில்லை. தேய்த்தபடியே, "நான் இப்பவே ரெடி. நேத்து ராத்திரி சாப்பிட்டதையே மறந்துட்டேன்," என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது.

ஒலெகாரியோவின் கணக்கு அந்த நிமிடத்தில் தானாகவே முடிந்தது. சூப்பைப் பாதியாக்கியும் எடை ஏறுகிறது. தின்கிற மற்றதோ காற்றைப்போல் லேசானது. அப்படியானால் அந்தப் பாதிக் கிண்ணத்துக்குள்தான் ஏதோ இருக்கிறது. நேற்று சும்பித்தாஸ் சொராய்தாவின் கடையில் நெடுநேரம் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததும் அவருக்கு நினைவு வந்தது. தவறான எண்ணம் ஒன்று மனத்துக்குள் நுழைந்துவிட்டால், அதற்கு வேண்டிய சாட்சிகளை அதுவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அன்று நண்பகல் கடை நிறைந்திருந்தது. சொராய்தா வழக்கம்போல் கிண்ணத்தைத் தளும்ப வைத்தார்.

"என்ன கசேரோ, இன்னிக்காவது முழுசா குடிப்பியா? பாதியை வெச்சிட்டுப் போறே, என் கைப்பக்குவம் கெட்டுப்போச்சா?"

லீமாவில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் கசேரா, கசேரோ என்றுதான் உறவுபோல் அழைத்துக்கொள்வார்கள். ஒலெகாரியோ அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை.

"உன் கைப்பக்குவம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இதுல எவ்வளவு பன்னிக் கொழுப்பு போடுறே?"

இரண்டு ஆண்டுகளில் அவர் 'நீ' என்று பேசியது அதுவே முதல் முறை. கரண்டிகள் நின்றன.

"என்ன சொன்னே?"

"கொழுப்பு. சும்பித்தாஸ் சொன்னான்னு என் கிண்ணத்துல கொழுப்பு கலக்குறே. பாதிதான் குடிக்கிறேன், அதுக்கே ஒரு கிலோ ஏறியிருக்கு. நீங்க எல்லாரும் அதே சட்டியிலதான் குடிக்கிறீங்க, போய் எடை பாருங்க!"

அவர் கிண்ணத்தைக் கையால் தள்ளினார். அது மேசையின் விளிம்பு வரை வழுக்கிப்போய், கோஸும் பூசணியுமாகக் கொட்டியது. சொராய்தா கொட்டியதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

ஜாக்கிகள் போய் எடை பார்த்தார்கள். வயிறு நிறையச் சூப்பைக் குடித்துவிட்டு நேராகப் போய் ஏறியவர்களுக்கு ஊசி என்ன காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் கடையில் குதிரைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஜாக்கிகள் எல்லாரும் வாயிலுக்கு வெளியே ரொட்டிக்கடையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சொராய்தா பெரிய சட்டியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு மலாகுவாவின் லாயத்துக்கு வந்தார். ஒலெகாரியோ குதிரையின் பிடரியை வாரிக்கொண்டிருந்தார். சொராய்தா கதவருகே சட்டியை வைத்து, மூடியை எடுத்தார்.

"நேத்து மத்தியானம் வெச்ச சூப்பு. ராத்திரி முழுக்கக் குளிர்ப்பெட்டியில இருந்துச்சு. கொழுப்பு இருந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"மேல உறைஞ்சு நிக்கும்."

"எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தார். குளிர்ந்து தெளிந்த சூப்பின் மேல் கோழியின் நெய் மூன்று நான்கு பொட்டுகளாக மட்டும் மிதந்தது. வெள்ளை ஏடு எதுவும் இல்லை. விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது, பிசுபிசுக்கவில்லை.

"இது நேத்துச் சட்டி. நான் சொன்னதுக்கப்புறம் வெச்சது," என்றார், தம் குரல் தமக்கே நம்பும்படியாக இல்லை என்பதை உணர்ந்தபடி.

அப்போது மலாகுவா கழுத்தை நீட்டி, அவர் மேலங்கிக்குள் மூக்கை நுழைத்தாள். இது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அவர் விலகுவதற்குள் உதட்டால் கவ்வி இழுத்தாள். காகிதப் பை கிழிந்து, பொன்னிறச் சோளம் சிமெண்டுத் தரையில் கலகலவென்று உருண்டது. குதிரை குனிந்து மென்றது. அந்தச் சத்தம் லாயம் முழுதும் கேட்டது.

சொராய்தா ஒரு சோளத்தைக் குனிந்து எடுத்தார். எண்ணெய் மினுங்கியது.

"தினமும் எத்தனை பை?"

"ரெண்டு. ஆனா அதுல எடையே இல்லையே கசேரா! எண்பது கிராம். பஞ்சு மாதிரி. உங்க சூப்பு ஒரு கிண்ணம் அரைக் கிலோ."

சொராய்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதைத் தடுத்தது. முகம் இரண்டுக்கும் நடுவே நின்றது.

"அடப்பாவி ஒல்லி. பதினாறு வருஷமா குதிரையோட இருக்கே. இவளுக்கு ஒரு கூடை குதிரைமசால் புல்லு போடுறே. அதுக்குப் பதிலா அதே கூடை நிறைய ஓட்ஸ் போடுவியா?"

"ஐயோ, வயித்துவலி வந்து செத்துப்போவா. ஓட்ஸ் அடர்த்தியான தீனி. பசும்புல்லு முக்கால்வாசி தண்ணி, அதெல்லாம்…" என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"சொல்லு, சொல்லு. நல்லாத்தானே சொல்லிட்டு வந்தே."

அவர் பிடரியை மறுபடி வாரத் தொடங்கினார்.

"என் கிண்ணத்துலயும் முக்காலுக்கு மேல தண்ணிதான். அரைக் கிலோன்னு உன் கை சொல்லும், சரிதான். ஆனா கோழியைச் சேத்தாலும் நூத்தி இருபது கலோரிதான். சாப்பிட்டதும் ஏறி நின்னா ஒரு கிலோ காட்டாம என்ன பண்ணும்? ஒரு லிட்டர் தண்ணியைக் குடிச்சிட்டு ஏறினாலும் ஒரு கிலோதான் காட்டும். அது வயித்துல இருக்கிற கனம். உன் உடம்பு இல்ல. சாயங்காலத்துக்குள்ள மூத்திரமாப் போயிடும். இந்தச் சோளத்துல தண்ணியை எல்லாம் வறுத்து ஓட்டிட்டாங்க, எண்ணெயை ஏத்திட்டாங்க. உன் எண்பது கிராம் முந்நூத்தி அம்பது. என் கிண்ணம் மூணுக்குச் சமம். மூணு கிண்ணத்தை ஒரு மூச்சுல குடிக்க உன்னால முடியுமா?"

"முடியாது."

"அதைத்தான் நடந்துக்கிட்டே தின்னு முடிச்சிருக்கே. வயித்துக்குத் தெரியவே தெரியாது. அதான் மறுபடி பசிச்சிருக்கு."

"கதிர் சாப்பிடலாம்னு பட்டியல்ல இருக்கே?"

"வேகவெச்ச கதிர். நூறு. வறுத்தது நானூத்தி முப்பது, அஞ்சாறு வரி கீழே இருக்கு. உனக்குப் பிடிச்ச வரி வரைக்கும் படிச்சிட்டு நிறுத்திட்டே." கையிலிருந்த சோளத்தைக் குதிரையின் பக்கம் நீட்டினார். "இது மலை மேல பத்து நாள் கோவேறு கழுதை ஓட்டுறவன் மடியில கட்டிக்கிட்டுப் போற சாப்பாடு. கனம் இருக்கக்கூடாது, தெம்பு மட்டும் நிறைய இருக்கணும், அவனுக்குச் சரி. நீ குதிரை மேல ரெண்டே ரெண்டு நிமிஷம் உக்காரப்போறே."

ஒலெகாரியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம், நாளொன்றுக்கு இரண்டு பை, குறைத்த சூப்பு போகக் கூடுதலாக வந்தது எவ்வளவு என்று எண்ணி முடித்தபோது, விடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. கையின் கணக்கைப்போலவே இதுவும் பிசகவில்லை. எதை எண்ணுவது என்பதில்தான் பிசகியிருந்தது.

"கசேரா, நான்…"

"இப்ப வேணாம். மத்தியானம் வா. சூப்பு உண்டு, பேச்சு கிடையாது."

பதினான்கு நாட்கள் இருந்தன. அன்று முதல் நாள்தோறும் அவர் ஜாக்கிகள் இல்லாத கடையின் கோடியில் தனியாக உட்கார்ந்து முழுக் கிண்ணத்தையும் குடித்தார், மாலையில் இன்னொன்று. தட்டில் மீன் வந்தது, வெந்த கதிர் வந்தது, ஆரஞ்சுப்பழம் சாறாக அல்லாமல் சுளையாக வந்தது. சொராய்தா சொன்னபடியே பேசவில்லை. தட்டை வைக்கும்போது எழும் ஓசைதான் பதில். வெளியே ரொட்டிக்கடை வாசலில் ஜாக்கிகள் நின்று தின்பது தகரச்சுவரின் இடுக்கு வழியே தெரிந்தது. பொரித்த பன்றியிறைச்சி வைத்த ரொட்டி. கைக்கு அடக்கமாக, கனமில்லாமல் இருந்தது. இருவர் மீண்டும் நீராவி அறைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள் என்று குதிரைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபின் அவர் ரொட்டிக்கடைப் பக்கம் திரும்பாமலே கிண்ணத்தைக் குடித்து முடித்தார்.

ஊசி இறங்கியது. ஐம்பத்து நான்கு, ஐம்பத்து மூன்றே முக்கால், ஐம்பத்து மூன்றரை. புதன்கிழமை காலையில் அங்கேயே நின்றது. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.

புதன் மாலை அவர் கடைக்கு வந்தபோது கிண்ணம் வரவில்லை. சிறிய தட்டில் இரண்டு முட்டையின் வெள்ளை, கொஞ்சம் வெறும் சோறு, விரலளவு கோழி. அவ்வளவுதான்.

பழி வாங்குகிறாள் என்ற எண்ணம் வாசல் வரை வந்துவிட்டது. இந்த முறை அவர் அதை உள்ளே விடவில்லை, கேட்டார்.

"சூப்பு இல்லையா?"

பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக சொராய்தா வாயைத் திறந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இல்ல. கோஸும் பூசணியும் குடல்ல கிடக்கும். தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கிடக்கும். மத்த நாள்ல அது கிடந்தா நல்லது. எடை பாக்குறப்போ கிடந்தா அதுவும் ஊசியில சேரும். ஒண்ணரை நாளைக்கு நாரும் வேணாம், உப்பும் கொஞ்சம் குறையணும். தண்ணியை மட்டும் எப்பவும்போலக் குடி, நிறுத்தாதே. உன் சிறுநீரகம் என் சட்டி மாதிரி இல்ல, உடைஞ்சா வேற வாங்க முடியாது. பசிக்கும். தாங்கிக்கோ."

பசித்தது. தாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எடை பார்க்கும் அறையில் பதினொரு ஜாக்கிகளும் கூடியிருந்தார்கள். ஒலெகாரியோ ஏறினார். ஊசி ஆடி, தயங்கி, ஐம்பத்து மூன்றில் நின்றது. தோன் அபெலார்தோ குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒல்லிதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மலாகுவா மூன்றாவதாக வந்தாள். கடைசி வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்க நேர்ந்தது. இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்திருப்பாள் என்று சிலர் சொன்னார்கள். ஓட்டியவர் தெளிந்த கண்ணோடு இறங்கி, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை பந்தயம் இல்லை. காலை பத்து மணிக்கு ஒலெகாரியோ கடைக்கு வந்து, உட்காராமல் அடுப்பருகே நின்றார்.

"கசேரா, தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

சொராய்தா கைகுவாவைப் பிளந்து விதை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்றே? நான் கொழுப்பு போடலைன்னு எனக்குத் தெரியும்."

அவர் வெளியே போனார். ரொட்டிக்கடை வாசலிலும், லாயங்களிலும், நீராவி அறையின் கதவடியிலும் போய் ஒவ்வொருவராகக் கண்டார். கூட்டமாக நிறுத்திச் சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் கிழிந்த காகிதப் பையை எடுத்துக் காட்டி, "கொழுப்பு சட்டியில இல்ல; இதுல இருந்துச்சு. நான் சொன்னது பொய். கடைக்கு வாங்க," என்றார். ஒருவர் சிரித்தார். ஒருவர், உன்னால் நான் இரண்டு முறை மயங்கினேன் என்று ஏசினார். ஏச்சைக் கேட்டு முடித்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நண்பகலில் கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒலெகாரியோ துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிண்ணங்களைச் சுமந்தார். சொராய்தா ஊற்றிக்கொண்டே ஆட்களை எண்ணினார்.

"உன்னோட ஒம்பது. இன்னும் ரெண்டு பேர் எங்கே?"

"ஒருத்தர் ஊருக்குப் போயிருக்கார், நாளைக்கு வருவார், சொல்லிடுறேன். இன்னொருத்தர்…"

இன்னொருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாவுல் சும்பித்தாஸ் உள்ளே காலை வைக்காமல், சாரலில் நனைந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலெகாரியோ ஒரு கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை நிரப்பினார். ஒரு துளியும் சிந்தாமல் இரண்டு கைகளாலும் ஏந்தி, மேசைகளுக்கு நடுவே நடந்து, வாசலில் போய் நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாவுல், நீ சொல்லித்தான் இவங்க என் சூப்புல கொழுப்பு போட்டாங்கன்னு சொன்னேன். இவங்களும் போடல, நீயும் சொல்லல. என் வயித்துப் பசிக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் கெடுத்தேன். அது என் தப்பு."

சும்பித்தாஸ் அவரையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும் இது?"

ஒலெகாரியோவின் கைகள் பழக்கத்தால் மெல்ல உயர்ந்தன, பாதியில் நின்றன.

"தெரியல," என்றார். "உள்ள வந்து உக்காரு. ஆறிடும்."